வினை முடிந்ததா என்பதைப் பெயர்ச்சொல் சொல்லும் மொழி

கேள்வி: ஓராண்டாக ஃபின்னிஷ் படிக்கிறேன். ‘புத்தகம் படிக்கிறேன்’ என்பதற்கு ‘லுஎன் கிர்யா’ என்றும் ‘லுஎன் கிர்யன்’ என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். முதலாவது பார்ட்டிட்டிவ், செயல் முடியாதபோது வரும். இரண்டாவது அக்யூசேட்டிவ், செயல் முடிந்தால் வரும் என்று ஆசிரியர் சொன்னார். ஆனால் ‘பால் வாங்கினேன்’ என்பதற்கு ‘ஒஸ்தின் மைதொஅ’ என்று பார்ட்டிட்டிவ் போடுகிறார்கள். வாங்கி முடித்தாகிவிட்டதே! ‘புத்தகம் படிக்கவில்லை’ என்றாலும் பார்ட்டிட்டிவ். மூன்று புத்தகம் என்றாலும் பார்ட்டிட்டிவ். இவை தொடர்பில்லாத தனித்தனி விதிகளா, அல்லது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே காரணம் இருக்கிறதா? நம்முடைய ‘ஐ’ உருபோடு எதைப் பொருத்திக்கொள்வது?

பதில்:

அடியில் இருப்பது ஒரே காரணம்தான். அதற்குப் போகும் முன் எழுத்தைப் பற்றி ஒரு சொல். ஃபின்னிஷில் குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பதும் பொருளையே மாற்றும். அந்த இரண்டையும் தமிழ் எழுத்து நன்றாகக் காட்டும் என்பதால் எடுத்துக்காட்டுகளை உங்களைப் போலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். க, த, ப எங்கே வந்தாலும் வல்லோசையாகவே படியுங்கள். ட வரும் இடத்தில் மெல்லிய ஓசை. சொல்லின் நடுவே உயிரெழுத்து தனியாக நின்றால், அளபெடையைப் படிப்பதுபோல் பிரித்துப் படியுங்கள். தமிழில் இல்லாத சில உயிர்களும் அந்த மொழியில் உண்டு. பெரும்பாலும் அவை வராத சொற்களாகவே தேர்ந்திருக்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ‘ஐ’ உருபை அக்யூசேட்டிவோடு பொருத்தாதீர்கள். இரண்டையும் ‘இரண்டாம் வேற்றுமை’ என்று ஒரே பெயரால் அழைப்பதால் ஒன்று போலத் தெரிகின்றன. செய்யும் வேலை வேறு. ‘புத்தகம் படித்தேன்’, ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்ற இரண்டையும் பாருங்கள். ‘ஐ’ வந்ததும் அது நீங்களும் நானும் அறிந்த ஒரு குறிப்பிட்ட புத்தகம் ஆகிவிடுகிறது. கடைசிப் பக்கம் வரை படித்தேனா என்பதை ‘ஐ’ சொல்வதில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் தமிழ் வினையிடம்தான் போகும்: படித்துவிட்டேன், படித்து முடித்தேன், படித்துக்கொண்டிருந்தேன். விடு, முடி, கொண்டிரு என்ற துணைவினைகள் அந்த வேலையைப் பார்க்கின்றன. ஃபின்னிஷ் வினையில் அப்படி ஒரு வால் இல்லை. ‘லுஇன்’ என்றால் ‘படித்தேன்’, அவ்வளவுதான். முடித்தேனா, படித்துக்கொண்டிருந்தேனா என்பதைப் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லின் ஈறு சொல்கிறது.

லுஇன் கிர்யா: புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்.
லுஇன் கிர்யன்: புத்தகத்தைப் படித்துவிட்டேன்.

நாம் வினையின் வாலில் வைத்திருப்பதை அவர்கள் பெயரின் வாலில் வைத்திருக்கிறார்கள். ‘-ன்’ ஈற்றைக் கேட்டதும் மனத்தில் ‘ஐ’ என்று எண்ணாமல் ‘விடு’ என்று எண்ணிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அதே புத்தகம், நேற்று நாம் பேசிய அந்தப் புத்தகம்தான் என்றாலும், படிப்பு நடந்துகொண்டிருந்தால் ‘லுஇன் ஸித கிர்யா’ என்று பார்ட்டிட்டிவே வரும். தமிழில் அங்கே ‘அந்தப் புத்தகத்தை’ என்று ‘ஐ’ வந்துவிடும். இரண்டும் பிரியும் இடம் இது.

இந்தப் பாடத்தை நான் வேலையிடத்தில் கற்றேன். அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டவரிடம் ‘கிர்யொஇதின் ரபொர்தின்’ என்றேன். ‘அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன்’ என்று சொன்னதாகவே நினைத்தேன். அவர் காதில் விழுந்தது ‘எழுதி முடித்துவிட்டேன்’. அன்று மாலை வரை அவர் அறிக்கைக்காகக் காத்திருந்தார். என்னிடம் இருந்தது பாதிதான். நான் சொல்லியிருக்க வேண்டியது ‘கிர்யொஇதின் ரபொர்த்திஅ’. வினையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, காலமும் மாறவில்லை. பெயரின் ஈறு ஒன்றினால் வாக்குறுதி ஒன்று உருவாகிவிட்டது.

இனி அந்த ஒரே காரணம். பார்ட்டிட்டிவின் பழைய பொருள் ‘இருந்து’ என்பது. மிக முற்காலத்தில் அது ஒரு நீங்கல் வேற்றுமையாக இருந்தது, உருபு ‘-த’. இன்றும் சில உறைந்த சொற்களில் அந்தப் பொருள் அப்படியே இருக்கிறது: கொதொஅ என்றால் ‘வீட்டிலிருந்து’, உல்கொஅ என்றால் ‘வெளியிலிருந்து’, கௌகா என்றால் ‘தொலைவிலிருந்து’. குறிலுக்குப் பின்னால் வந்த ‘த’ காலப்போக்கில் மெலிந்து மறைந்து வெறும் ‘-அ’ எஞ்சியது. அதனால்தான் மைதொ ‘மைதொஅ’ ஆகிறது. ‘நிலம்’ என்னும் பொருள்படும் மா என்ற சொல்லோ நெடிலாக இருப்பதால் ‘மாத’ என்று பழைய ‘த’வைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. கிர்ய ‘கிர்யா’ ஆவதும் இதே ‘-அ’தான், முன்னிருக்கும் அகரத்தோடு சேர்ந்து நெடிலாகிவிட்டது.

‘பாலிலிருந்து குடித்தேன்’ என்றால் என்ன பொருள்? பால் இருக்கிறது, அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்தேன். முழுவதையும் தொட்டேன் என்று சொல்லவில்லை. ‘புத்தகத்திலிருந்து படித்தேன்’ என்றாலும் அப்படியே. பொருளின் ஒரு பகுதி என்ற எண்ணமும், செயலின் ஒரு பகுதி என்ற எண்ணமும் ஒரே விதையிலிருந்து முளைத்தவை. எல்லை காட்டப்படாதது எதுவோ அதற்குப் பார்ட்டிட்டிவ். செயல் தன் எல்லையைத் தொட்டு, பொருளும் முழு அளவில் அகப்பட்டது என்றால் அக்யூசேட்டிவ்.

இதை நான் மூன்று வாசல்களாக நினைத்துக்கொள்வேன். சொற்றொடர் உடன்பாடா? செயல் முடிவைத் தொடுகிறதா? பொருள் முழுமையாக, அளவோடு அகப்படுகிறதா? மூன்று வாசலிலும் ‘ஆம்’ என்று பதில் வந்தால்தான் ‘-ன்’ உள்ளே நுழையும். ஏதாவது ஒன்றில் ‘இல்லை’ என்றாலும் பார்ட்டிட்டிவ். உங்கள் ஆசிரியர் இரண்டாம் வாசலை மட்டும் சொல்லியிருக்கிறார். ‘ஒஸ்தின் மைதொஅ’ அந்த வாசலைத் தாண்டிவிட்டது, வாங்கியது முடிந்துவிட்டது. மூன்றாம் வாசலில் நிற்கிறது: எவ்வளவு பால் என்று சொல்லவில்லை.

செயலின் வாசலில் கொஞ்சம் நிற்போம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம், தலொ. ‘ரகென்ஸின்’ என்றால் ‘கட்டினேன்’.

ரகென்ஸின் தலொஅ: வீடு கட்டிக்கொண்டிருந்தேன்.
ரகென்ஸின் தலொன்: வீட்டைக் கட்டி முடித்தேன்.

முதல் சொற்றொடர் ‘வீடு கட்டி முடியவில்லை’ என்று சொல்வதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கட்டும் வேலை நடந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது; முடிந்ததா என்பதைப் பார்வைக்குள் கொண்டுவரவில்லை. ‘அந்தக் கோடையில் வீடு கட்டிக்கொண்டிருந்தேன்’ என்று இன்று அதே வீட்டில் உட்கார்ந்துகொண்டும் சொல்லலாம் அல்லவா? அப்படித்தான். பாடநூல்கள் போடும் ‘முடியாத செயல்’ என்ற பெயரை ‘முடிவைச் சொல்லாத செயல்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நிகழ்காலத்துக்கு வந்தால் இன்னும் அழகான ஒன்று நடக்கிறது. ‘ரகென்னன் தலொஅ’ என்றால் ‘வீடு கட்டுகிறேன்’, வேலை நடந்துகொண்டிருக்கிறது. ‘ரகென்னன் தலொன்’ என்றால்? இந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் செயல் இதே கணத்தில் முடிந்ததாகவும் இருக்க முடியாது. எனவே முடிவு முன்னால்தான் இருக்க வேண்டும்: ‘வீட்டைக் கட்டிவிடுவேன்’. ஃபின்னிஷில் எதிர்காலத்துக்குத் தனி வினைவடிவம் கிடையாது. தமிழில் ‘-வ்-’, ‘-ப்-’ என்னும் இடைநிலை செய்யும் வேலையை அங்கே பல நேரங்களில் பெயரின் ‘-ன்’ செய்துவிடுகிறது. உங்கள் ‘லுஎன் கிர்யன்’ என்பதும் அதுதான். அதை ‘புத்தகம் படிக்கிறேன்’ என்று மொழிபெயர்த்தது தவறு. ‘படித்துவிடுவேன்’ என்பதே அதன் பொருள்.

எது வரும் என்று சோதிக்க எளிய வழி, காலஅளவைச் சேர்த்துப் பார்ப்பது. ‘ஒரு மணி நேரம் படித்தேன்’ என்பதற்கு ‘லுஇன் கிர்யா துன்னின்’. ‘ஒரு மணி நேரத்தில் படித்துவிட்டேன்’ என்பதற்கு ‘லுஇன் கிர்யன் துன்னிஸ்ஸ’. ‘நேரம்’ என்று சொல்ல முடிந்தால் பார்ட்டிட்டிவ், ‘நேரத்தில்’ என்று சொல்ல முடிந்தால் அக்யூசேட்டிவ். இந்தச் சோதனை தமிழிலும் பிசகாமல் வேலை செய்கிறது. ‘ஒரு மணி நேரம் படித்துவிட்டேன், புத்தகம் தீர்ந்தது’ என்று யாரும் சொல்வதில்லை.

அந்த முதல் சொற்றொடரை இன்னொரு முறை பாருங்கள்: லுஇன் கிர்யா துன்னின். மணி என்பதற்கான சொல் துந்தி. அது ‘துன்னின்’ என்று ‘-ன்’ ஏற்று நிற்கிறது. புத்தகம் முடியவில்லை, பார்ட்டிட்டிவில் இருக்கிறது. ஆனால் ஒரு மணி நேரம் முழுதாகச் செலவாகிவிட்டது, அதற்கு ‘-ன்’. செயப்படுபொருளே அல்லாத ஒரு காலஅளவுகூட எல்லை தொட்டதற்கான அதே அடையாளத்தை அணிந்துகொள்கிறது. இந்த வேற்றுமைகள் எல்லையைத்தான் குறிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு என்பது நேரத்தில் மட்டும் இருப்பதல்ல, விளைவிலும் இருக்கிறது. ஃபின்னிஷ் இலக்கணத்தில் அடிக்கடி வரும் எடுத்துக்காட்டு ஒன்று: ‘அம்முஇன் கர்ஹுஅ’ என்றால் கரடியை நோக்கிச் சுட்டேன், ‘அம்முஇன் கர்ஹுன்’ என்றால் கரடியைச் சுட்டுக் கொன்றேன். தமிழில் ‘கரடியைச் சுட்டேன்’ என்று நிறுத்தினால் கரடி செத்ததா என்று அடுத்த கேள்வி வரும். அங்கே உருபே பதிலைச் சொல்லிவிடுகிறது.

இதிலிருந்து ஒரு கூட்டம் வினைகளுக்கு ஏன் எப்போதும் பார்ட்டிட்டிவ் வருகிறது என்பதும் புரிந்துவிடும். காதலிப்பது, வெறுப்பது, காத்திருப்பது, உதவுவது ஆகியவற்றுக்கு இயல்பான முடிவுப்புள்ளி ஏது? ‘ரகஸ்தன் ஸினுஅ’, உன்னைக் காதலிக்கிறேன். ‘ஒடொதன் புஸ்ஸிஅ’, பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். காதலித்து முடித்தேன் என்று ஒன்று இல்லை. பஸ் வந்தாலும் காத்திருந்த செயல் பஸ்ஸுக்கு எதையும் செய்துவிடவில்லை. உதவுவதும் அப்படித்தான்: ‘அவர் எனக்கு உதவினார்’ என்பதில் நான் ‘மினுஅ’, பார்ட்டிட்டிவ். ஆனால் அதே வினையோடு ஒரு முடிவிடத்தைச் சேர்த்துப் பாருங்கள். கைகொடுத்து என்னைக் காருக்குள் ஏற்றிவிட்டார் என்றால், ‘ஔத்தொஇ மினுத் ஔதோன்’. ‘ஔதோன்’ என்றால் ‘காருக்குள்’. உதவி போய்ச் சேர ஓர் இடம் கிடைத்தது. உடனே ‘மினுஅ’ மாறி ‘மினுத்’ என்ற அக்யூசேட்டிவ் வந்துவிட்டது. ஆகவே ‘இந்த வினைக்கு இந்த வேற்றுமை’ என்று பட்டியல் மனப்பாடம் செய்வது தொடக்கத்துக்கு உதவும், ஆனால் வினைக்குள் அந்த வேற்றுமை பூட்டப்பட்டிருக்கவில்லை.

விதி உரசும் இடமும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. அறிவது, நினைவில் வைத்திருப்பது, பார்வையில் படுவது போன்ற வினைகளிலும் முடிவு என்று ஒன்று தெரியவில்லை. இருந்தும் அவை அக்யூசேட்டிவை ஏற்கின்றன. ‘துன்னென் ஸினுத்’, உன்னை எனக்குத் தெரியும். ‘முஇஸ்தன் ஸினுத்’, உன்னை நினைவிருக்கிறது. பொருள் மனத்துக்குள் வந்து முழுதாக அகப்பட்டுவிட்டது, அந்த அகப்படுதலே விளைவு என்று இலக்கணக்காரர்கள் விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கம் ஓரளவு பிடித்திருக்கிறது. ஆனால் பேசும்போது கைகொடுப்பது விளக்கம் அல்ல, ‘ரகஸ்தன் ஸினுஅ, முஇஸ்தன் ஸினுத்’ என்ற ஜோடியை அப்படியே நாவில் பழக்கிவைப்பதுதான்.

இனி எதிர்மறை. இங்கே விதி கறாரானது: செயப்படுபொருள் எதிர்மறைச் சொற்றொடரில் இருந்தால் பார்ட்டிட்டிவ். ‘என் லுகெனுத் கிர்யா’, நான் புத்தகம் படிக்கவில்லை. (முதலில் இருக்கும் ‘என்’ தன்மை ஒருமைக்கான எதிர்மறை வினை. நம் ‘என்’னோடு ஒலியில் ஒத்திருப்பது தற்செயல்.) காரணம் எளிது. நடக்காத செயலுக்கு எல்லை இல்லை. தொடப்படாத புத்தகம் முழுதாக அகப்படவும் இல்லை.

இதனால் ஒரு வேறுபாடு கரைந்துபோகிறது. உடன்பாட்டில் கிர்யா, கிர்யன் என்று இரண்டு இருந்தன. எதிர்மறையில் கிர்யா மட்டும். ‘படிக்கவே இல்லை’, ‘படித்துக்கொண்டிருக்கவில்லை’, ‘படித்து முடிக்கவில்லை’ மூன்றும் ஒரே வடிவத்தில் அடங்கிவிடும். முடிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல ‘இறுதிவரை’ என்பது போன்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். இது விந்தையாகத் தோன்றினால் தமிழைக் கொஞ்சம் உற்றுப்பாருங்கள். ‘சாப்பிட்டுவிட்டாயா?’ என்று கேட்டால், ‘சாப்பிட்டுவிடவில்லை’ என்றா பதில் சொல்கிறோம்? ‘இல்லை, சாப்பிடவில்லை’ என்கிறோம். எதிர்மறை வந்ததும் நம்முடைய ‘விடு’வும் இயல்பாக உதிர்ந்துவிடுகிறது. ‘அவன் ஒன்றும் செத்துவிடவில்லை’ என்பதுபோல் அழுத்தி மறுக்கும்போதுதான் அது எட்டிப்பார்க்கும். இரண்டு மொழிகளுக்கும் உறவு இல்லை, கருவிகளும் வேறு. ஆனால் முடிவுக்குறி எதிர்மறையோடு ஒட்டுவதில்லை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இந்த ஒப்பீடு மனத்தில் பதிந்த பிறகு எதிர்மறையில் நான் ‘-ன்’ போட்டுத் தவறியதே இல்லை.

‘இருக்கிறது, இல்லை’ சொற்றொடர்களிலும் இதே போக்குத்தான். ‘மினுல்ல ஒன் ஔதொ’, என்னிடம் கார் இருக்கிறது. ‘மினுல்ல எய் ஒலெ ஔதொஅ’, என்னிடம் கார் இல்லை. இங்கே கார் எழுவாய் போலத்தான் நிற்கிறது, இருந்தும் இல்லாமையில் பார்ட்டிட்டிவ். ஆனால் எல்லா எழுவாயும் இப்படி மாறாது. ‘அந்தக் கார் இங்கே இல்லை’ என்று ஏற்கெனவே அறிந்த காரைப் பற்றிச் சொன்னால் அது ஔதொ என்றே நிற்கும். கார் என ஒன்று இருக்கிறது, இங்கே இல்லை, அவ்வளவே. இருப்பையே மறுக்கும்போதுதான் பார்ட்டிட்டிவ்.

மூன்றாவது வாசலான அளவுக்கு வருவோம். இங்கேதான் ‘ஐ’ நம்மை ஏமாற்றுகிறது, அதுவும் உதவி செய்வதுபோல் வந்து ஏமாற்றுகிறது.

ஒஸ்தின் மைதொஅ: பால் வாங்கினேன்.
ஒஸ்தின் மைடொன்: பாலை வாங்கினேன் (வாங்க வேண்டியிருந்த அந்தப் பால், அல்லது ஒரு பாக்கெட் என்று தெரிந்த அளவு).

பொருத்தம் எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! பாலில், பணத்தில், காப்பியில் எல்லாம் ‘ஐ இல்லை என்றால் பார்ட்டிட்டிவ், ஐ இருந்தால் அக்யூசேட்டிவ்’ என்ற கணக்குச் சரியாகவே வரும். பன்மையிலும் வரும்: ‘ஒஸ்தின் கிர்யொய’ என்றால் (சில) புத்தகங்கள் வாங்கினேன், ‘ஒஸ்தின் கிர்யத்’ என்றால் புத்தகங்களை வாங்கினேன். ஃபின்னிஷ் படிக்கும் தமிழர் முதல் மாதத்தில் கடைக்குப் போய்ப் பேசுவது இந்தச் சொற்களைத்தான் என்பதால், ‘ஐ’யும் ‘-ன்’னும் ஒன்றே என்ற முடிவு அப்போதே உறைந்துவிடுகிறது. பிறகு ‘அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்’ என்று சொல்ல வரும்போது கணக்குப் பிசகுகிறது. அளவின் வாசலில் ‘ஐ’ துணைவரும், செயலின் வாசலில் கைவிடும் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாசல்கள் ஒரே உருபில் வந்து முடிவதால் சில இடங்களில் கேட்பவருக்கு ஐயம் வரும். ‘யொஇன் கஹ்விஅ’ என்பதற்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன் என்றும், கொஞ்சம் காப்பி குடித்தேன் என்றும் பொருள் கொள்ளலாம். சூழல்தான் பிரிக்கும். ‘யொஇன் கஹ்வின்’ என்பதில் ஐயமே இல்லை: எனக்கு முன்னால் இருந்த காப்பி தீர்ந்தது.

அந்தக் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு இதைக் கடைசிவரை பார்த்துவிடலாம், எல்லாம் அதில் இருக்கிறது. யாராவது வீட்டுக்கு வந்தால் ‘ஒதத்கொ கஹ்விஅ?’ என்று கேட்பார்கள், காப்பி சாப்பிடுகிறீர்களா என்பது. அளவு சொல்லாத காப்பி, ஆகவே பார்ட்டிட்டிவ். நீங்கள் குடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அதைச் சொல்லும்போது:

யொஇன் குபின் கஹ்விஅ: ஒரு கோப்பை காப்பி குடித்தேன்.

கோப்பை என்பதற்கான சொல் குப்பி. (நம் குப்பியோடு சேர்த்து எண்ண வேண்டாம், அது ஸ்வீடிஷிலிருந்து போன கடன்சொல்.) அது ‘குபின்’ என்று ‘-ன்’ ஏற்று நிற்கிறது, காப்பி பார்ட்டிட்டிவில் நிற்கிறது. ஒரே சொற்றொடரில் இரண்டு வேற்றுமைகளும் பக்கத்தில் பக்கத்தில். ஏன்? கோப்பைதான் எல்லை, அது முழுதாகக் காலியானது. காப்பி அந்த எல்லைக்குள் இருந்த பொருள். உலகத்துக் காப்பியிலிருந்து ஒரு கோப்பையளவு. ‘இருந்து’ என்ற பழைய பொருள் இங்கே கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. லஸி மைதொஅ, ஒரு தம்ளர் பால். கிலொ பெருனொஇத, ஒரு கிலோ உருளைக்கிழங்கு. பல்யொன் ரஹா, நிறையப் பணம். அளவுச்சொல் எதுவானாலும் அதன் பின்னே வரும் பொருள் பார்ட்டிட்டிவில் இருக்கும். எண்ணிப் பார்க்கத்தக்கவை கிலோ, ‘நிறைய’ போன்ற அளவுச்சொற்களோடு வந்தால் பன்மைப் பார்ட்டிட்டிவ், அதனால்தான் பெருனொஇத.

எண்களும் அளவுச்சொற்களே. கொல்மெ கிர்யா, மூன்று புத்தகம். ஒன்றைத் தவிர மற்ற எண்களோடு பெயர் பார்ட்டிட்டிவ் ஒருமையில் வரும். ஒருமை என்பதைக் கவனியுங்கள். ‘மூன்று புத்தகம் வாங்கினேன்’, ‘பத்து ஆடு மேய்கிறது’ என்று நாமும் எண்ணுக்குப் பின் பன்மை ஈற்றை விட்டுவிடுவோம், எண்ணே பன்மையைச் சொல்லிவிட்டதால். ஃபின்னிஷும் அங்கே பன்மையைச் சேர்ப்பதில்லை.

எண்ணில் பெரும்பாலோர் தடுக்கும் இடம் ஒன்று. ‘லுஇன் கொல்மெ கிர்யா’ என்றால் மூன்று புத்தகங்களைப் படித்துவிட்டேன். செயல் முடிந்ததே, பிறகு ஏன் கிர்யா என்று கேட்பார்கள். இங்கே செயப்படுபொருளின் தலை கிர்யா அல்ல, கொல்மெ. குபின் இருந்த இடத்தில் கொல்மெ இருக்கிறது. ஒன்றைத் தவிர மற்ற எண்கள் அக்யூசேட்டிவில் ‘-ன்’ ஏற்பதில்லை, வெறுமனே நிற்கும். கிர்யா எண்ணுக்குக் கட்டுப்பட்டு உள்ளே பார்ட்டிட்டிவ் ஆகியிருக்கிறது. இதை மெய்ப்பிக்க எதிர்மறையாக்கிப் பாருங்கள்: ‘என் லுகெனுத் கொல்மெஅ கிர்யா’. கொல்மெ உடனே ‘கொல்மெஅ’ என்று பார்ட்டிட்டிவுக்கு மாறியது. முன்பே பார்ட்டிட்டிவில் இருந்த கிர்யா அசையவில்லை. காலஅளவும் இப்படியே மாறும். ‘ஒரு மணி நேரம்கூடப் படிக்கவில்லை’ என்றால் துன்னின் போய் ‘துந்திஅகான்’ வரும், அதில் ‘-கான்’ என்பது நம் ‘கூட’.

ஒரே எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. அக்யூசேட்டிவ் எப்போதும் ‘-ன்’ என்று தேடாதீர்கள். கட்டளையிலும் செயப்பாட்டு வடிவத்திலும் அது உருபில்லாமல் வரும்: ‘லுஎ கிர்ய!’ என்றால் புத்தகத்தைப் படித்துவிடு, ‘கிர்ய லுஎத்தீன்’ என்றால் புத்தகம் படிக்கப்பட்டது. பன்மையில் கிர்யத் என்று ‘-த்’ வரும். நான், நீ போன்ற இடப்பெயர்களுக்கு மினுத், ஸினுத் என்று தனி வடிவம். ‘-ன்’ வடிவம் ஆறாம் வேற்றுமையின் ‘-ன்’னோடு ஒன்றுபோல் இருப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு: பழைய இரண்டாம் வேற்றுமை உருபு ‘-ம்’ ஆக இருந்தது; சொல் இறுதியில் மகரம் னகரமாக மாறியபோது இரண்டும் ஒன்றாய்ப் போயின. இதனால் 2004-இல் வெளிவந்த பெரிய ஃபின்னிஷ் இலக்கணம் அக்யூசேட்டிவ் என்ற பெயரை மினுத், ஸினுத் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கிர்யன் போன்றவற்றை ஆறாம் வேற்றுமை வடிவம் என்றே அழைக்கிறது. உங்கள் கையில் இருக்கும் நூல்களில் ஒன்று இப்படியும் மற்றொன்று அப்படியும் சொன்னால் திகைக்க வேண்டாம். பெயர்தான் வேறு, எப்போது வரும் என்பதில் மாற்றம் இல்லை. பார்ட்டிட்டிவோ கட்டளையிலும் செயப்பாட்டிலும் வடிவம் மாறாது: ‘லுஎ கிர்யா!’ என்றால் ‘புத்தகம் படித்துக்கொண்டிரு’. பிள்ளையிடம் அதைச் சொன்னால் அவன் முடித்தானா என்று நீங்கள் கேட்கப்போவதில்லை, ‘லுஎ கிர்ய!’ என்று சொன்னால் கேட்பீர்கள்.